சுற்றறிக்கை: கண்மாய்ச் சீரமைப்பு நிதி, 2025–26 காலாண்டுத் தவணைகளும் செலவுத் திட்டமும்

நாள்: 4 ஏப்ரல் 2025

பெறுநர்: காளையார்கோவில் ஒன்றியத் திட்டத்தின் கள ஒருங்கிணைப்பாளர்கள், பொறியாளர், கணக்காளர்
நகல்: நிர்வாக அறங்காவலர்

அன்புள்ள தோழர்களுக்கு,

நான்கு கண்மாய்களைத் தூர்வாரிச் சீரமைக்க நிறுவனமொன்றின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து 60 லட்சம் ரூபாய் ஒப்புதலாகியிருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்தான அன்றே, நான்கு ஊர்களிலும் ஒரே நேரத்தில் இயந்திரத்தை இறக்கலாமா என்று இரண்டு ஒருங்கிணைப்பாளர்கள் கேட்டார்கள். இறக்க முடியாது. ஒப்புதலான தொகை வேறு, வங்கிக் கணக்கில் இருக்கும் தொகை வேறு. நாம் வேலை கொடுப்பதும் பில் கொடுப்பதும் இரண்டாவதை வைத்துத்தான். அந்தத் தொகை எப்போது, எவ்வளவு, எந்த நிபந்தனையில் வரும் என்பதையும், நம் மாதாந்திரச் செலவு அதை எப்படிப் பின்தொடர வேண்டும் என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

| தவணை | வரவு நாள் | தொகை (ரூ.) | பங்கு | முந்தைய கணக்கு அனுப்ப வேண்டிய நாள் |
|---|---|---|---|---|
| முதல் | 15 ஏப்ரல் 2025 | 18,00,000 | 30% | – |
| இரண்டாம் | 15 ஜூலை 2025 | 24,00,000 | 40% | 25 ஜூன் |
| மூன்றாம் | 15 அக்டோபர் 2025 | 6,00,000 | 10% | 25 செப்டம்பர் |
| நான்காம் | 15 ஜனவரி 2026 | 9,00,000 | 15% | 25 டிசம்பர் |
| பிடித்தம் | தணிக்கை அறிக்கை ஏற்கப்பட்ட பின், ஜூன் 2026 | 3,00,000 | 5% | 15 மே 2026 |

முதல் வரைவில் காலாண்டுக்கு 15 லட்சம் என்று சமமாகத்தான் பிரித்திருந்தார்கள். அப்படியே ஏற்றிருந்தால் ஆகஸ்டில் கண்மாய் காய்ந்து கிடக்கும்போது கையில் பணம் இருக்காது; நவம்பரில் பணம் வரும்போது கண்மாயில் தண்ணீர் நிற்கும். நம் வேலை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு முடிய வேண்டிய வேலை. அக்டோபர் பிறந்துவிட்டால் இயந்திரத்தை உள்ளே இறக்குவதே ஆபத்து. இதை விளக்கிய பிறகு, முதல் இரண்டு தவணைகளில் 70 சதவீதம் தர ஒப்புக்கொண்டார்கள். இவ்வளவு முன்கூட்டித் தருவதால்தான் கணக்கை இறுக்கிப் பிடிக்கிறார்கள். கொடுத்த நிதி சொன்ன காரியத்துக்கே செலவானதா என்று நிறுவனத்தின் இயக்குநர் குழு உறுதி செய்துகொள்ள வேண்டும், தலைமை நிதி அதிகாரி அதற்குச் சான்று தர வேண்டும் என்பது கம்பெனிச் சட்டத்தின் கீழ் வந்த விதி. அவர்கள் அந்தச் சான்றில் கையெழுத்திடுவது நம் பயன்பாட்டுச் சான்றிதழை நம்பித்தான்.

75 சதவீத நிபந்தனை

கணக்கு அனுப்பும் நாளில், அந்தக் காலத்தின் தொடக்க இருப்பும் வந்த தவணையும் சேர்ந்த தொகையில் குறைந்தது 75 சதவீதம் செலவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த தவணை நிற்கும்.

செலவு என்றால் என்ன என்பதில் குழப்பம் வேண்டாம். பணி ஆணை கொடுத்தது செலவல்ல. பில் வந்து மேசையில் இருப்பதும் செலவல்ல. வேலை முடிந்து, அளவெடுத்து, பில் சரிபார்த்து, வங்கியிலிருந்து பணம் வெளியேறியிருந்தால்தான் அது செலவு. ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த முன்பணமும் சரிக்கட்டப்படும் வரை செலவுக் கணக்கில் ஏறாது.

பெரிய கண்மாய்ப் பணியை வைத்தே காட்டுகிறேன். தூர்வாருவதற்கு ஒதுக்கீடு 11 லட்சம். இயந்திர வாடகை பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதை நாம் திரும்பப் பெற முடியாது. ஆகவே பணியின் மதிப்பு 9,32,203 ரூபாய், வரி 1,67,797 ரூபாய். ஒப்பந்ததாரரிடம் 11 லட்சத்துக்கு வேலை பேசி, வரியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இரண்டு லட்சம் துண்டு விழும். இனி டிடிஎஸ். ஒப்பந்ததாரர் தனிநபர் என்றால் 1 சதவீதம், நிறுவனம் என்றால் 2 சதவீதம், வரி நீங்கலான மதிப்பில் பிடிக்க வேண்டும். நிறுவனம் என்றால் 18,644 ரூபாய். அடுத்த மாதம் 7-ஆம் தேதி வரை கட்ட அவகாசம் இருக்கிறது என்பதற்காக அதைக் கையில் வைத்துக்கொண்டால், ஜூன் 25 கணக்கில் அது செலவாகத் தெரியாது. பில் கொடுக்கும் நாளிலேயே டிடிஎஸ்ஸையும் கட்டிவிடுங்கள்.

தவணை தவணையாகச் செலவு

சம்பளம், பயணம், அலுவலகச் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 1 லட்சம். இது எல்லாக் காலத்துக்கும் பொது.

முதல் தவணையில் ஏப்ரல், மே சம்பளம் 2 லட்சம், சீமைக்கருவேலம் அகற்றலும் நில அளவையும் 2 லட்சம், பெரிய கண்மாய் 11 லட்சம். ஜூன் 25-க்குள் 15 லட்சம் வெளியேறும். தேவையானது 13.5 லட்சம். மீதி 3 லட்சத்தில் ஜூன் சம்பளம் போக 2 லட்சம் அப்படியே இருக்க வேண்டும். கணக்கு அனுப்புவதற்கும் பணம் வருவதற்கும் இடையில் இருபது நாள் இருக்கிறது. அது முப்பது நாளானாலும் பணியாளர் சம்பளம் நிற்கக் கூடாது. இந்த 2 லட்சத்தைக் கேட்டு யாரும் என்னிடம் வர வேண்டாம்.

இரண்டாம் தவணைதான் ஆண்டின் உயிர்நாடி. ஜூன் 25 அன்றைய இருப்பு 3 லட்சமும் புதிய 24 லட்சமும் சேர்த்து 27 லட்சம். புதுக்கண்மாய்க்கு 9 லட்சம், கீழக்கண்மாய்க்கு 8 லட்சம், மடைகளைப் பழுதுபார்க்கும் 4 லட்சத்தில் 3 லட்சம், ஜூன் முதல் மூன்று மாதச் சம்பளம் 3 லட்சம். செப்டம்பர் 25-க்குள் 23 லட்சம். தேவையானது 20.25 லட்சம். ஜூலை 15-இலிருந்து எண்ணினால் பத்து வாரம்தான். ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் இடி மழை பெய்து இரண்டு மூன்று நாள் இயந்திரம் நிற்பது நம் பக்கத்தில் வழக்கம். வேலைத் திட்டத்தில் அதற்கும் நாள் ஒதுக்குங்கள். புதுக்கண்மாய், கீழக்கண்மாய்க்கான வட்டாட்சியர் அனுமதியும் விலைப்புள்ளியும் ஜூன் மாதத்திலேயே தயாராக இருக்கட்டும். பணி ஆணையை மட்டும் பணம் வந்த பிறகு கொடுங்கள். அதிலும் "அடுத்த தவணை வரவைப் பொறுத்தே இரண்டாம் கட்டப் பணி" என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

மூன்றாம் தவணை சிறியது என்று அசட்டையாக இருக்காதீர்கள். நிபந்தனையை மீறும் ஆபத்து இங்கேதான் அதிகம். இருப்பு 4 லட்சம், புதியது 6 லட்சம், மொத்தம் 10 லட்சம். டிசம்பர் 25-க்குள் 7.5 லட்சம் செலவாக வேண்டும். நம் திட்டம் 8 லட்சம்தான். சம்பளம் 3, மடை மீதி 1, கரையில் பனை விதைப்பும் மரக்கன்றும் 2.5, பாசன விவசாயிகள் பயிற்சி 1.5. இடைவெளி வெறும் ஐம்பதாயிரம். மழையைக் காரணம் காட்டி இரண்டு பயிற்சிகளை ஜனவரிக்குத் தள்ளினால் நான்காம் தவணை நின்றுவிடும். பயிற்சிகளை நவம்பருக்குள் முடியுங்கள்.

நான்காம் காலத்தில் இருப்பு 2 லட்சமும் 9 லட்சமும் சேர்த்து 11 லட்சம் கையில் இருக்கும். செலவோ 14 லட்சம். தை அறுவடை முடிந்து தண்ணீர் இறங்கியதும் சின்னக் கண்மாய்க்கு 8 லட்சம், நான்கு மாதச் சம்பளம் 4 லட்சம், தணிக்கையும் ஆவணப்படுத்தலும் 2 லட்சம். குறையும் 3 லட்சம்தான் பிடித்தத் தொகை. மார்ச் சம்பளத்தையும் தணிக்கைச் செலவையும் அறக்கட்டளையின் பொதுநிதி ஏற்று, ஜூனில் ஈடுசெய்துகொள்ளும் என்று அறங்காவலர் குழு தீர்மானித்திருக்கிறது. இதைத் தவிர வேறெந்தத் திட்டக் கணக்கிலிருந்தும் ஒரு ரூபாய்கூடக் கைமாற்றாக எடுக்கக் கூடாது. சின்னக் கண்மாய் வேலை மார்ச் 20-க்குள் முடிய வேண்டும். மார்ச் கடைசி வாரத்தில் கொத்தாக வரும் பில்களை எந்தத் தணிக்கையாளரும் நம்புவதில்லை, அதில் தவறும் இல்லை.

தவணை தாமதமானால்

ஜூலை 15-க்குப் பணம் வராவிட்டால் முதலில் சம்பளம், பிறகு அரசுக்குக் கட்ட வேண்டிய வரி, அதன் பிறகு முடிந்த வேலைக்கான பில். புதிய ஆணை எதுவும் கிடையாது. ஆகஸ்ட் 5 வரை வராவிட்டால் கீழக்கண்மாயை இந்த ஆண்டு தொட வேண்டாம். அந்த 8 லட்சத்தைக் கோடைக்கு மாற்றித்தர நிதி தருபவரிடம் நான் எழுதிக் கேட்கிறேன். ஊர்க்காரர்களுக்கு வருத்தம் இருக்கும், எனக்கும் இருக்கிறது. ஆனால் கரையை வெட்டித் திறந்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும்போது மழை பிடித்துக்கொண்டால், உடையும் கரைக்குக் கீழே இருப்பது அவர்களுடைய வயல். இருந்த கண்மாயை இருந்தபடி விட்டுவைப்பது அதைவிட மேல். இதில் விலக்கு கேட்காதீர்கள்.

தலைப்பு விட்டுத் தலைப்பு மாற்றுவதற்கு, எவ்வளவு சிறிய தொகையானாலும், நிதி தருபவரின் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும். கணக்கில் சேரும் வட்டி இந்தத் திட்டத்துக்கே உரியது. கணக்கறிக்கையில் தனி வரியாகக் காட்டுவோம்.

பில்களும் நாட்களும்

ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களில் 18-ஆம் தேதிக்குள் பில் என் மேசைக்கு வர வேண்டும். இயந்திர பில்லுடன் தினசரி மணிப்பதிவேடு இருக்க வேண்டும்: தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் மீட்டர் எண், டீசல் நிரப்பிய நேரம், ஓட்டுநர் கையெழுத்து, ஊரில் கண்மாய்க் குழு உறுப்பினர் ஒருவரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தை அன்றன்று மாலையிலேயே வாங்குங்கள். பத்து நாள் கழித்து ஒரே பேனாவில் பத்துக் கையெழுத்து போட்டிருந்தால் பார்த்ததுமே தெரியும்; அந்த பில்லைத் திருப்பி அனுப்புவேன். தூர்வாரும் முன்பும் பின்பும் எடுத்த மட்ட அளவு, பொறியாளர் கையெழுத்துடன் தனித்தாளில் வேண்டும். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது.

ஒவ்வொரு ஒருங்கிணைப்பாளரும் தம் கண்மாய்க்கான மாதவாரிச் செலவுத் திட்டத்தை ஏப்ரல் 11-க்குள் எனக்கு அனுப்ப வேண்டும். அதில் வேலை தொடங்கும் நாளை மட்டும் எழுதினால் போதாது. பில் வரும் நாளும், பணம் வங்கியிலிருந்து வெளியேறும் நாளும் வேண்டும். ஏப்ரல் 14 விடுமுறை என்பதால், முதல் தவணை வருவதற்கு முந்தைய வேலைநாளான 11-ஆம் தேதி மாலை மூன்று மணிக்கே சிவகங்கை அலுவலகத்தில் எல்லோரும் உட்கார்ந்து நான்கு திட்டங்களையும் ஒரே அட்டவணையாகச் சேர்ப்போம். பெரிய கண்மாய்க்கு வந்த மூன்று விலைப்புள்ளிகளையும் கையோடு கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
நிதி அலுவலர்