லாரி ஏறிய குருவி

கிராமத்துக் களத்தில் தானிய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி நின்றது. ஒரு மூட்டையில் சின்ன ஓட்டை. அதிலிருந்து மணி மணியாகத் தானியம் சிந்திக்கொண்டே இருந்தது. சிட்டுக்குருவி விடுமா? தத்தித் தத்தி மூட்டைகளுக்கு நடுவே போய்க் கொத்த ஆரம்பித்தது. கொத்துகிற மும்முரத்தில், மேலே தார்ப்பாய் விழுந்ததை அது கவனிக்கவே இல்லை. கயிறு இறுகியது. லாரி கிளம்பிவிட்டது.

"ஐயோ, என் முட்டை!" என்று கத்தியது குருவி.

ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில்தான் அதன் கூடு. உள்ளே 4 முட்டைகள். குஞ்சு பொரிக்க இன்னும் சில நாள்தான் பாக்கி. அப்பாக் குருவியும் முட்டைமேல் உட்காரும், அதனால் முட்டை ஆறிப்போகாது. ஆனாலும் அம்மாவுக்கு மனசு கேட்குமா? சிட்டுக்குருவிகள் தூரப் பயணம் போகிற பறவைகளும் இல்லை. பிறந்த இடத்தைச் சுற்றியேதான் வாழ்நாள் முழுக்கப் பறக்கும். நம் குருவியோ இப்போது இருட்டில், குலுங்கிக் குலுங்கி, எங்கே போகிறோம் என்றே தெரியாமல் போய்க்கொண்டிருந்தது.

ராத்திரி முழுக்க ஓடிய லாரி, விடியற்காலையில் நின்றது. தார்ப்பாயை விலக்கியதும் குருவி 'விர்'ரென்று வெளியே பறந்தது.

பார்த்தால்... மரங்களை விட உயரமான வீடுகள்! பாம்... பீம்... கிர்ர்ர்... எந்தப் பக்கம் திரும்பினாலும் சத்தம். பயந்துபோய் ஒரு கம்பியில் உட்கார்ந்தது. எதிரே ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடம். அதற்குள் இன்னொரு சிட்டுக்குருவி, தன்னையே பார்த்துக்கொண்டு நின்றது.

"அப்பாடா, நம்ம ஆளு!" என்று அதை நோக்கிப் பாய்ந்தது குருவி.

"நில்லு! நில்லு!" கறுப்பாக ஏதோ ஒன்று குறுக்கே விழுந்தது. ஒரு காகம்.

"அது குருவி இல்ல தங்கச்சி, கண்ணாடி. உள்ளே தெரியறது நீதான். இந்த வேகத்துல போய் மோதினா மண்டை உடைஞ்சிடும். சின்ன வயசுல நானும் அதுக்குள்ள இருந்த காக்காவோட ஒரு காலை முழுக்கச் சண்டை போட்டிருக்கேன். யாரும் ஜெயிக்கல."

குருவி ஏதோ சொன்னது. காகத்துக்குக் காதில் விழவில்லை. மறுபடியும் சொன்னது. ஊஹூம்.

"குரலைக் கொஞ்சம் மேலே ஏத்திப் பேசு. வண்டிச் சத்தம் கனமா கீழேயே உருண்டுட்டு இருக்கும். கீச்சுக் குரல் அதைத் தாண்டி மேலே வந்துடும். இந்த ஊருக் குருவிங்க அப்படித்தான் பேசும்."

குருவி தொண்டையைக் கூராக்கிக்கொண்டு, "காக்கா அண்ணா! நான் வீட்டுக்குப் போகணும்! முட்டை காத்துட்டு இருக்கு!" என்றது.

இந்த முறை தெளிவாகக் கேட்டது. காகம் தலையைச் சாய்த்து யோசித்தது. "எந்த லாரியில வந்தே?"

"சிவப்பு லாரி."

காகம் சந்தைப் பக்கம் எட்டிப் பார்த்தது. வரிசையாக எல்லாமே சிவப்பு லாரிகள். குருவிக்கு அழுகையே வந்துவிட்டது.

"லாரியை விடு. ஓட்டிட்டு வந்தவர் எப்படி இருந்தார்?"

"பெரிய மீசை. இடது காதுல ஒரு பென்சில்."

"அவரா! எனக்குத் தெரியுமே. முன்னாடி ஒரு நாள் எனக்கு ரொட்டி போட்டவர். காக்கா ஒரு முகத்தைப் பார்த்துட்டா மறக்காது. நல்லவங்களையும் மறக்காது, கல்லெறிஞ்சவங்களையும் மறக்காது. அவர் ராத்திரி தூங்கிட்டு நாளைக் காலையிலதான் கிளம்புவார். அதுவரைக்கும் வா, என் ஊரைக் காட்டறேன்."

முதலில் தன் கூட்டைத்தான் காட்டியது. தெரு ஓரத்து மரத்தின் உச்சியில் இருந்தது அது. குச்சிகளுக்கு நடுவே கம்பித் துண்டுகள், உடைந்த துணி மாட்டி, ஒரு நீல ஒயர். "எவ்வளவு காத்தடிச்சாலும் அசையாது" என்று பெருமையாகச் சொன்னது காகம். குருவி அலகால் ஒரு கம்பியைத் தட்டிப் பார்த்தது. 'டிங்' என்றது. "குஞ்சுக்குக் குத்தாதா அண்ணா?" என்று கேட்டது. காகம், "உள்ளே தொட்டுப் பாரு" என்றது. உள்பக்கம் முழுக்க நாரும் பஞ்சும். மெத்தென்று இருந்தது. குருவிக்கு அங்கேயே படுத்துக்கொள்ளலாம் போல ஆசையாகிவிட்டது.

அதற்குப் பிறகு குருவிக்கு உடம்பெல்லாம் அரிக்க ஆரம்பித்தது. மண்ணில் குளித்து ஒரு நாள் ஆகிவிட்டதே! குருவிகள் தண்ணீரிலும் குளிக்கும், புழுதியிலும் குளிக்கும். புழுதியில் புரண்டால் இறகில் ஒட்டியிருக்கும் சின்னப் பூச்சிகள் உதிர்ந்துவிடும். ஆனால் நகரத்தில் புழுதிக்கு எங்கே போவது? நடைபாதை சிமென்ட். வாசல் கல். மரத்தைச் சுற்றிக்கூடத் தார் போட்டிருந்தார்கள்.

"நான் மொட்டைமாடித் தொட்டிக்குக் கீழே சொட்டுற தண்ணியில குளிச்சுக்குவேன். மண்ணை யார் தேடினா?" என்ற காகம், யோசித்து யோசித்து அதை ஒரு பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிப்போனது.

சறுக்குமரத்துக்குக் கீழே, பிள்ளைகள் குதித்துக் குதித்துப் பொடியாக்கிய மண். சின்னச் சின்னப் பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு குருவி! இறக்கையை விரித்து, வயிற்றைத் தேய்த்து, மண்ணை முதுகில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தன. நம் குருவியும் ஒரு பள்ளத்தில் இறங்கிப் படபடவென்று அடித்துக்கொண்டது. ஆகா!

"நீங்க எல்லாம் எங்கே கூடு கட்டறீங்க?" என்று அவற்றிடம் கேட்டது.

"புதுக் கட்டடத்துல ஒரு பொந்து கூடக் கிடையாது. வழவழன்னு இருக்கு" என்றது ஒரு கிழக்குருவி. "அந்தப் பழைய சுவர்ல ரெண்டு ஓட்டை இருக்கு. அங்கே நாங்க ரெண்டு குடும்பம். இவளோட கூடு தெருவிளக்குப் பெட்டிக்குள்ளே. தின்ன நிறையக் கிடைக்கும், ரொட்டித் தூள் எங்கேயும் சிந்திக் கிடக்கு. ஆனா குஞ்சுக்கு ரொட்டி போதாதே. புழு வேணும். புழுவுக்குத்தான் அலையறோம்."

குருவி ஒரு நிமிஷம் பேசவில்லை. "எங்க ஊர்லயும் மருந்து அடிச்ச வயல்ல புழுவே இருக்காது. அதனால நாங்க வேலிச் செடிக்குப் போவோம். வெயில் ஏறிட்டா புழு இலைக்கு மேலே இருக்காது, அடியில போய் ஒட்டிக்கும். தலைகீழாத் தொங்கித்தான் பார்க்கணும்" என்றது. அதற்குள் மணி அடித்துப் பிள்ளைகள் ஓடிவந்துவிட்டார்கள். குருவிகள் எல்லாம் பறந்துவிட்டன. பாதிப் பேருக்கு அது சொன்னது காதிலேயே விழவில்லை.

அன்றைக்கு ராத்திரி குருவிக்குத் தூக்கமே வரவில்லை. கண்ணை மூடினாலும் வெளிச்சம்.

"அண்ணா, விடிஞ்சிடுச்சா?"

"இல்ல. தெருவிளக்கு."

"இப்போ?"

"இல்ல. அது விளம்பரப் பலகை. தூங்கு."

விடிந்ததும் காகம் மீசைக்காரரைக் கண்டுபிடித்துவிட்டது. காதில் அதே பென்சில். லாரியும் கிடைத்தது. குருவி கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்து, "நீயும் வாயேன் அண்ணா" என்றது. காகம் அங்கே பார்த்தது, இங்கே பார்த்தது. பிறகு லாரியின் தலையில் குதித்து உட்கார்ந்துகொண்டது.

கிராமம் வந்துசேரும்போது மாலையாகிவிட்டது. குருவி நேராகத் தாழ்வாரத்துக்குப் பாய்ந்தது. 4 முட்டைகளும் பத்திரம். அவற்றின்மேல் இறகைப் பரப்பி உட்கார்ந்திருந்த அப்பாக் குருவி, கோபப்பட நினைத்துக் கோபப்பட முடியாமல், "எனக்குப் பசிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு இரை தேடப் போனது.

காகம் வயல்வெளியைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியது. போன வேகத்தில் திரும்பி வந்தது.

"தங்கச்சி! அங்கே வயல் நடுவுல ஒருத்தர் கையை விரிச்சுக்கிட்டு நிக்கிறார். நான் ரொம்ப நேரம் பார்த்தேன், கண்ணையே சிமிட்டல. என் ஊர்ல யாரும் இப்படிச் சும்மா நின்னதே இல்ல!"

குருவி சிரித்த சிரிப்பில் கூட்டிலிருந்து வைக்கோல் உதிர்ந்தது. "அது சோளக்கொல்லை பொம்மை அண்ணா! உன்னை விரட்டத்தான் வச்சிருக்காங்க!"

"என்னையா? நான்தான் இந்த ஊருக்கு வந்ததே இல்லையே!" காகத்துக்கு உண்மையிலேயே வருத்தம்.

அப்போது எங்கேயோ 'கூ... கூ...' என்று ஒரு குரல். காகத்தின் கழுத்து இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. "குயில்! இவன் இங்கேயும் இருக்கானா! இவன் பின்னாடி நாங்க துரத்திட்டுப் போவோம். அந்த நேரத்துல இவன் பொண்டாட்டி எங்க கூட்டுல முட்டை வச்சிட்டுப் போயிடுவா."

இருட்டியது. இருட்டென்றால் அப்படி ஓர் இருட்டு. காகம் அதற்கு முன் பார்த்ததே இல்லை. தன் இறக்கையே தன் கண்ணுக்குத் தெரியவில்லை. மரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தது. நகரத்தில் நூற்றுக்கணக்கான காகங்கள் ஒரே மரத்தில் நெருக்கியடித்துத் தூங்கும். இங்கே பக்கத்துக் கிளையில் ஆந்தை ஒன்று 'ம்ஹூம்' என்றது. காகம் மெதுவாக நகர்ந்து, நகர்ந்து, தாழ்வாரத்துக்கே வந்துவிட்டது.

"தங்கச்சி, தூங்கிட்டியா?"

"இல்ல அண்ணா."

"விடிஞ்சிடுச்சா?"

"இன்னும் இல்ல. தூங்கு."

நல்லவேளை, அது அங்கே வந்தது. பொழுது புலரும் நேரத்தில் ஓட்டின்மேல் ஏதோ சரசரத்தது. நீளமாக, வளைந்து வளைந்து, நேராகக் கூட்டை நோக்கி ஒரு பாம்பு. காகம் பாம்பைப் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த நகர்வு நல்லதற்கில்லை என்று மட்டும் புரிந்தது.

"கா! கா! கா! கா!"

எங்கிருந்தோ அந்த ஊருக் காகங்கள் பதில் கொடுத்தன. ஒன்று, இரண்டு, பத்து. வானத்தில் கறுப்பாகத் திரண்டு வந்து, பாம்பின் தலைக்கு மேலே பாய்ந்து பாய்ந்து கத்தின. பாம்பு திரும்பிச் சுவரோரம் இறங்கிப் புதருக்குள் மறைந்தது. "யாருப்பா நீ? புதுசா இருக்கே?" என்று அவை கேட்டன. அதற்குப் பிறகு நம் காகம் தனியாகத் தூங்கவில்லை. ஆலமரத்தில் நடுக்கிளையே கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் முட்டைகள் உடைந்தன. 4 குஞ்சுகள், கண் திறக்காமல், வாயை மட்டும் அகலமாகத் திறந்துகொண்டு. அம்மாவும் அப்பாவும் வேலிக்கும் கூட்டுக்கும் ஓயாமல் பறந்தார்கள். காகம் வேலியோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது. குருவி எப்படிக் காலால் இலைக்காம்பைப் பிடிக்கிறது, எப்படித் தலைகீழாகத் தொங்குகிறது, இலையின் அடியில் பச்சையோடு பச்சையாக ஒட்டியிருக்கும் புழுவை எப்படி உருவி எடுக்கிறது என்று எல்லாவற்றையும் பார்த்தது.

அடுத்த முறை மீசைக்காரர் லாரி கிளம்பியபோது, காகம் மூட்டைகளின் மேல் ஏறிக்கொண்டது.

நகரத்துக்குப் போனதும் அது முதலில் தன் கூட்டுக்குப் போகவில்லை. நேராகப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனது. மைதானத்தைச் சுற்றி ஒரு செடிவேலி இருந்தது. யாரும் அதை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

"இங்கே வாங்க எல்லாரும்! இலைக்கு மேலே இல்ல, அடியில பாருங்க. தலைகீழாத் தொங்கணும். எனக்கு உடம்பு கனம், தொங்க வராது. நீங்க தொங்குங்க!"

கிழக்குருவி ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு தலையைக் கீழே விட்டது. ஒரு இலை. இரண்டு இலை. மூன்றாவது இலையிலிருந்து அலகில் பச்சையாக ஏதோ நெளிய நெளிய நிமிர்ந்தது.

"எனக்கு! எனக்கு!" என்று வேலி முழுக்கக் குருவிகள் தொங்க ஆரம்பித்தன.