உங்கள் முதல் குறிப்பேட்டுக்கு ஊசியில் நூல் கோத்தாயிற்று

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் கைத்தையல் குறிப்பேடுகளுக்கு நீங்கள் செலுத்திய ஓராண்டுச் சந்தா நேற்று மாலை கிடைத்தது. எங்கள் மனமார்ந்த நன்றி. இரண்டு மாதங்களுக்கு ஒன்றாக, ஆண்டுக்கு 6 குறிப்பேடுகள் உங்கள் முகவரிக்கு வரும். முதல் குறிப்பேட்டுக்கான கோடிட்ட தாள்களை இன்று காலையே மடித்து, மடிப்பு நன்றாகப் படிவதற்காகக் கனமான பலகையின் அடியில் வைத்திருக்கிறோம். இன்னும் 10 நாட்களுக்குள் அது தயாராகிவிடும். அனுப்பும் அன்றே அஞ்சல் பதிவு எண்ணையும் தெரிவித்துவிடுவோம்.

எங்களுடையது இருவர் மட்டுமே வேலை செய்யும் பட்டறை. தாள் வெட்டுவதும் மடிப்பதும் என் பொறுப்பு. தைப்பதும் அட்டை கட்டுவதும் என் அக்காவின் பொறுப்பு. நான்கு தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்தால் 16 பக்கங்கள் கொண்ட ஒரு பாரம் கிடைக்கும். அப்படிப் பத்துப் பாரங்களை, தேன்மெழுகில் இழுத்தெடுத்த லினன் நூலால் ஒன்றோடொன்று பிணைத்துத் தைக்கிறோம். மெழுகு பூசிய நூல் பிரியாது, சிக்கு விழாது, போட்ட முடிச்சிலிருந்து நழுவாது. தாள்களின் முதுகில் பசையை மட்டும் தடவி ஒட்டிவிட்டால் வேலை விரைவில் முடிந்துவிடும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால், எந்தப் பக்கத்தில் திறந்தாலும் மேசைமேல் தட்டையாகக் கிடந்து, எழுதும் கைக்கு இடம்விடுவது தைத்த புத்தகம்தான் என்பதால் நாங்கள் தையலை விடவில்லை.

தாளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இயந்திரத்தில் உருவாகும் தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்த இழையோட்டம் புத்தகத்தின் முதுகுக்கு இணையாக அமையாவிட்டால், ஈரக்காற்றுப் பட்டதும் பக்கங்கள் அலையலையாக நெளியும், மடிப்பும் முரண்டும். பட்டறை தொடங்கிய புதிதில் இதைக் கவனிக்காமல் வெட்டிய ஒரு கட்டுத் தாளை முழுவதுமாக ஒதுக்கிவைக்க நேர்ந்தது. அன்றுமுதல் ஒவ்வொரு கட்டிலும் ஒரு தாளை எடுத்து, இரு திசையிலும் மெல்ல வளைத்துப் பார்த்து, எளிதாக வளையும் திசையைப் பென்சிலால் குறித்துக்கொண்ட பிறகே கத்தியை எடுக்கிறேன். உங்கள் தாள்களிலும் இன்று காலை அந்தக் குறி இட்டாயிற்று.

குறிப்பேடு கைக்கு வந்ததும் அதை ஒரே இழுப்பில் நடுவில் விரித்துவிடாமல், முதுகு மேசையில் படும்படி நிறுத்தி, முதலில் முன்னட்டையையும் பின்னட்டையையும் இருபுறமும் சாய்த்துவிடுங்கள். பிறகு முன்னாலிருந்து சில தாள்கள், பின்னாலிருந்து சில தாள்கள் என மாறிமாறித் திறந்து, முதுகை ஒட்டிய ஓரத்தை விரலால் மென்மையாக நீவிக்கொண்டே நடுப்பக்கத்தை அடையுங்கள். இரண்டு நிமிட வேலைதான். ஆனால் முதுகில் பிளவு விழாமல் காப்பது இதுவே. அதன்பின் தயங்காமல் எழுதத் தொடங்குங்கள். கையெழுத்து அழகாக இல்லையே என்று முதல் பக்கத்தை வெறுமையாக விட்டுவைக்கும் அன்பர்கள் பலர் உண்டு. எங்களுக்கோ, கணக்கும் கவிதையும் அடித்தல் திருத்தலும் நிறைந்து வீங்கிப்போன குறிப்பேட்டைப் பார்ப்பதில்தான் மகிழ்ச்சி.

உங்களிடமிருந்து எங்களுக்குத் தேவைப்படும் விவரங்கள் இரண்டே. கோடிட்ட தாள் வேண்டுமா, கட்டமிட்டதா, வெற்றுத் தாளா? நீங்கள் மை ஊற்றி எழுதும் பேனாவைப் பயன்படுத்துபவரா? ஆம் எனில், மை மறுபக்கம் ஊறாத சற்றுத் தடித்த தாளை உங்களுக்கென எடுத்துவைப்போம். இந்த வாரத்துக்குள் இம்மடலுக்கே பதில் எழுதினால் போதும். பதில் வராவிட்டால் இன்று மடித்துவைத்த கோடிட்ட தாளிலேயே தைத்து அனுப்புவோம், அடுத்த முறை மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் முகவரியைக் குறிப்பேடு அனுப்புவதற்கன்றி வேறெதற்கும் பயன்படுத்தமாட்டோம், எவருக்கும் தரவும் மாட்டோம். வழியில் அட்டை நசுங்கியோ நனைந்தோ வந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். வேறொன்று தைத்துத் தருவது எங்கள் கடமை. சந்தாவை இடையில் நிறுத்த விரும்பினால் ஒரு வரி எழுதுங்கள். காரணம் கேட்காமல் மீதித் தொகையைத் திருப்பி அனுப்புவோம்.

உங்களுக்கு வரும் மடல்களை நாங்கள் இருவரே எழுதுகிறோம், உங்கள் பதில்களையும் நாங்களே படிக்கிறோம். பகலில் கையில் பசை இருக்கும் என்பதால் பதில் பெரும்பாலும் மாலையில்தான் வரும்.

அன்புடன்,
குறிப்பேட்டுப் பட்டறையிலிருந்து
நானும் அக்காவும்