பள்ளி திறக்கப் போகிறது, எழுதுபொருள் செட் எல்லாம் ரெடி!

அம்மா, அப்பாமார்களே, ஜனவரியில் பள்ளி திறக்கிறது, கடைசி வாரத்தில் பிரிக்பீல்ட்ஸில் பார்க்கிங் தேடி அலைய வேண்டாம், இப்போதே வந்துவிடுங்கள்.

🎒 முதலாம் ஆண்டு செட்: 39.90 ரிங்கிட்
✏️ 2, 3ஆம் ஆண்டு: 46.90
📐 4 முதல் 6ஆம் ஆண்டு வரை: 58.90, ஜியோமெட்ரி பெட்டியும் சேர்த்து

ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்றால் மொத்தத்தில் 8 ரிங்கிட் குறைப்போம். அரசாங்கம் தரும் 150 ரிங்கிட் உதவித்தொகையில் செட் வாங்கியும் காலணிக்குக் கொஞ்சம் மிஞ்சும்.

வாங்குமுன் வீட்டில் ஒருமுறை பாருங்கள்:

☑ பள்ளி கொடுத்த பட்டியல் (இதை மறக்காமல் கொண்டு வாருங்கள், ஒவ்வொரு ஆசிரியரும் கேட்கும் நோட்டு வேறு)
☑ இரட்டைக்கோடு, ஒற்றைக்கோடு, கட்டம் போட்ட நோட்டுகள் எத்தனை
☑ பென்சில், அழிப்பான், ஷார்ப்னர்
☑ வண்ணப் பென்சில், போன வருடத்தது நன்றாக இருந்தால் புதிது வேண்டாம்
☑ நோட்டு அட்டை, பெயர் ஒட்டி
☑ தண்ணீர் போத்தல்

பாடநூல்களைப் பள்ளியே இரவலாகக் கொடுக்கும், அதற்கு அட்டை மட்டும் போடுங்கள், வருடக் கடைசியில் நல்லபடியாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும் இல்லையா.

முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு மெக்கானிக்கல் பென்சில் கேட்காதீர்கள், நாங்களே வேண்டாம் என்போம். முனை உடைந்துகொண்டே இருக்கும், எழுத்தும் அழுந்தாது. முக்கோண வடிவப் பென்சில் சின்னக் கைக்குப் பிடிக்க எளிது, அதைத்தான் செட்டில் வைத்திருக்கிறோம்.

பட்டியலைப் படம் எடுத்து இன்பாக்ஸில் அனுப்பினால் கட்டி வைத்துவிடுவோம், வந்து எடுத்துக்கொண்டால் போதும். ஜாலான் துன் சம்பந்தன், தினமும் காலை 10 முதல் இரவு 9 வரை. ரொக்கமும் சரி, கியூஆரும் சரி.