கூப்பிடறதுக்கு முன்னாடி: ஆர்.ஓ. மெஷின் கேள்வி-பதில் வீடியோக்கள்

வணக்கங்க. வேலூர் சர்வீஸ் சென்டர்ல இருந்து பேசறோம். எந்த வீடியோவைத் திறந்தாலும் வரிசை ஒண்ணுதான்: கேள்வி, காரணம், நீங்களே பார்க்கறது, எங்க நிறுத்தணும்.

பகுதி 1: மோட்டார் ஓடுது, டேங்க் ரொம்பல

கேள்வி: "ராத்திரி பூரா ஓடியும் அரை டேங்க்தான் இருக்கு."

காரணம்: பெரும்பாலும் வெளிய தொங்கற ப்ரீ-ஃபில்டர். போர் தண்ணியில வர்ற வண்டல் அதை அடைச்சிடும். தண்ணி பத்தாம பம்ப் கடகடன்னு சத்தம் போடும்.

நீங்களே பார்க்கறது: ஸ்விட்சை ஆஃப் பண்ணுங்க, இன்லெட் குழாயை மூடுங்க. கீழ ஒரு பக்கெட் வெச்சு, ஸ்பேனர் போட்டு பவுலைக் கழட்டுங்க. [குளோசப்: செம்மண் நிறத்துல கேட்ரிட்ஜ், பக்கத்துல வெள்ளையா புதுசு] இப்படி இருந்தா மாத்தியே ஆகணும், கழுவி மறுபடி போட்டா ரெண்டு வாரம்கூடத் தாங்காது. வாங்க வேண்டியது 10 இன்ச், 5 மைக்ரான் ஸ்பன் கேட்ரிட்ஜ்.

மூடறப்போதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. பவுல் வாயில இருக்கற கறுப்பு ஓ-ரிங் முறுக்கிக்கிட்டா, எவ்வளவு இறுக்கினாலும் சொட்டும். துடைச்சு, காடியில சமமா உக்கார வெச்சு, கையாலயே இறுக்குங்க. கடைசிக் கால் சுத்துக்கு மட்டும் ஸ்பேனர். குழாயை மெதுவாத் திறங்க.

எங்க நிறுத்தணும்: புது கேட்ரிட்ஜ் போட்டும் டேங்க் ரொம்பலைன்னா உள்ள கை வைக்காதீங்க. பம்ப்பா, இல்ல உப்பை வடிகட்டற மெம்ப்ரேனான்னு பிரஷர் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பகுதி 2: வேஸ்ட் தண்ணி நிக்கவே இல்ல

கேள்வி: "டேங்க் ரொம்பின அப்புறமும் வேஸ்ட் பைப்ல ஓடிக்கிட்டே இருக்கு."

காரணம்: பெரும்பாலும், கரண்ட் நின்னதும் தண்ணியை அடைக்கற சோலினாய்டு வால்வுல தூசு சிக்கி முழுசா மூடல.

நீங்களே பார்க்கறது: ஸ்விட்சை ஆஃப் பண்ணிட்டு 5 நிமிஷம் கழிச்சு வேஸ்ட் பைப்பைப் பாருங்க. அப்பவும் ஓடினா வால்வுதான். இன்லெட் குழாயை மூடி வைங்க. ஆஃப் பண்ணதும் நின்னுட்டா, டேங்க் ரொம்பினதும் மெஷினை நிறுத்தற ஃப்ளோட் ஸ்விட்ச் மேல சந்தேகம்.

எங்க நிறுத்தணும்: இதோட நிறுத்திக்கங்க. வேஸ்ட் பைப்பை மட்டும் மடிச்சுக் கட்டவே கூடாது. உப்பு வெளியேற வழியில்லாம மெம்ப்ரேன்லயே படிஞ்சிடும். வால்வு விலை எங்க, மெம்ப்ரேன் விலை எங்க!

பகுதி 3: தண்ணி உப்புக் கரிக்குது

கேள்வி: "போன மாசம் நல்லா இருந்துச்சு, இப்ப வாயில வைக்க முடியல."

காரணம்: மெம்ப்ரேன் தேய்ஞ்சிருக்கலாம். இல்ல, தண்ணியில கரைஞ்ச உப்போட அளவைக் கூட்டிக் குறைக்கற டி.டி.எஸ். ஸ்க்ரூவை யாராவது திருகியிருக்கலாம்.

நீங்களே பார்க்கறது: டி.டி.எஸ். மீட்டர்ல உள்ள வர்ற தண்ணியையும் வெளிய வர்றதையும் ரெண்டையும் பாருங்க. ஒண்ணை மட்டும் பார்த்தா ஒண்ணும் புரியாது. 1200 உள்ள வந்து 120 வந்தா மெம்ப்ரேன் நல்லா இருக்கு. 400 வந்தா மெம்ப்ரேனோ ஸ்க்ரூவோ, ரெண்டுல ஒண்ணு. காலையில பாருங்க. நம்ம ஊர் மே மாச மதியத்துல மொட்டைமாடி டேங்க் தண்ணி சுடும், சூடான தண்ணியில உப்பு கூடுதலாக் கடந்து வரும்.

எங்க நிறுத்தணும்: ஸ்க்ரூவைத் தொடாதீங்க. ரெண்டு நம்பரையும் எழுதி வெச்சுட்டு போன் பண்ணுங்க.