வணக்கம், நான் வித்யா

வணக்கம். நான் வித்யா. உங்கள் பெரியம்மாவோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த லலிதாவின் அண்ணன் மகள். நேற்று ராத்திரி அத்தைதான் உங்கள் நம்பரை அனுப்பி, "பேசிப் பாரு, அவங்க வீட்டிலயும் சொல்லியாச்சு" என்றார். உங்களிடமும் சொல்லியிருப்பார்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். சொல்லவில்லை என்றால், யாரோ ஒரு பெண் திடீரென்று இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறாளே என்று பயந்துவிடாதீர்கள்.

உங்களை எப்படி அழைப்பது என்றே கொஞ்ச நேரம் யோசித்தேன். சார் போட்டால் ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரி இருக்கிறது. முதல் மெசேஜிலேயே பெயர் சொல்லி எழுதக் கை வரவில்லை. அதனால்தான் வெறும் வணக்கத்தோடு தொடங்கிவிட்டேன். நீங்கள் என்னை வித்யா என்றே அழைக்கலாம்.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் தெரியாதவர்களிடம் முதல் தடவை பேசும்போது எனக்கு "ம்", "ஆமாங்க", "சொல்லுங்க" இந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் வராது. எழுதினால் பரவாயில்லை.

உங்கள் பயோடேட்டாவைப் படித்தேன். ஒன்பதாவது, பத்தாவது வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறீர்கள் என்று இருந்தது. பொழுதுபோக்கு என்ற இடத்தில் எல்லோரும் புத்தகம் படிப்பது, பாட்டுக் கேட்பது என்று போடுவார்கள். நீங்கள் "பழைய சைக்கிள்களைச் சரி செய்வது" என்று போட்டிருந்தீர்கள். அந்த இடத்தில் நின்றுவிட்டேன். ஒரு சந்தேகம்: முழுசாகப் பிரித்து மறுபடி பூட்டி முடித்த பிறகு, கையில் ஒரு நட்டு மிச்சமாகி, இது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் முழித்தது உண்டா? அந்த சைக்கிள் ஓடியதா?

என் பயோடேட்டா என் சித்தப்பா தயாரித்தது. அதில் சில திருத்தங்கள். உயரம் ஐந்தடி மூன்று அங்குலம் என்று இருக்கும், இரண்டுதான். "சமையலில் ஆர்வம்" என்பது சித்தப்பாவின் ஆர்வம். நான் செய்தால் சாப்பிடலாம், அந்த அளவுக்குத்தான். பாட்டுத் தெரியும் என்பதும் எட்டு மாதம் வகுப்புக்குப் போனதை வைத்து எழுதியது. "அமைதியான சுபாவம்" என்று வேறு போட்டிருக்கிறார். அதைப் படித்துவிட்டு என் தம்பி சிரித்த சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். போட்டோவில் மட்டும்தான் நான் பரீட்சை எழுதப் போகிறவள் மாதிரி இருப்பேன்.

வேலை என்ற இடத்தில் டயாலிசிஸ் டெக்னீசியன் என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். கூட இருக்கப்போகிறவருக்கு அந்த ஒரு வரி போதாது என்று நினைக்கிறேன். முதல் ஷிப்ட் நோயாளிகள் காலை ஆறு மணிக்கு வருவார்கள். அதற்கு முன்பே மெஷினைத் தயார் செய்து, குழாய்களில் சலைன் ஓட்டி வைத்திருக்க வேண்டும். ஆகவே நான் நாலு மணிக்கு எழுந்துவிடுவேன், ராத்திரி ஒன்பதரைக்கு மேல் கண் திறந்திருக்காது. ஒருவருக்கு நாலு மணி நேரம் ஆகும், வாரத்துக்கு இரண்டு தடவையோ மூன்று தடவையோ வருவார்கள். அதே முகங்கள், வருஷக்கணக்காக. போகும்போதும் வரும்போதும் எடை பார்ப்போம். ரெண்டு கிலோவுக்கு மேல் ஏறியிருந்தால், "ஞாயித்துக்கிழமை விசேஷ வீட்டுக்குப் போனீங்களா?" என்று கேட்பேன், சின்னப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொள்வார்கள். சில சமயம் வழக்கமாக வருகிறவர் வரமாட்டார். அப்புறம் விஷயம் தெரியவரும். அன்றைக்கு வீட்டுக்கு வந்தால் ஒரு மணி நேரம் யாரிடமும் பேசமாட்டேன். கோபம் எதுவும் இல்லை. அப்போது ஆறுதல் சொல்ல வராமல் சும்மா விட்டாலே போதும், நானே சரியாகிவிடுவேன். இந்த வேலை எனக்குப் பிடிக்கும். கல்யாணத்துக்குப் பிறகும் போக வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

இன்னொரு விஷயம். இதை முதல் மெசேஜில் எழுதலாமா என்று அம்மா கேட்டால் கூடாது என்பார், அதனால் அம்மாவிடம் கேட்கவில்லை. அப்பா சின்னதாகக் கடை வைத்திருந்தவர், இப்போது முடியவில்லை என்று மூடிவிட்டார். பென்ஷன் எதுவும் கிடையாது. தம்பி படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது. என் சம்பளத்தில் ஒரு பகுதி வீட்டுக்குப் போகிறது. கல்யாணமானாலும் போகும், தம்பி வேலைக்குப் போன பிறகு குறையலாம், ஆனால் நிற்காது. போன வருஷம் ஒரு இடத்தில் எல்லாம் பேசி முடிகிற நேரத்தில்தான் இந்தப் பேச்சு வந்தது, அதோடு நின்றுபோனது. அவர்கள் மேல் தப்பில்லை. நாங்கள்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இதில் உங்களுக்குச் சங்கடம் இருந்தால் இப்போதே தெரிவது இரண்டு வீட்டுக்கும் நல்லது.

உங்களிடமும் சில விஷயங்கள் கேட்க வேண்டும். முதலில், உங்களைக் கேட்டுத்தான் இந்தப் பேச்சை ஆரம்பித்தார்களா? என்னைக் கேட்டார்கள், நானும் சரி என்றேன். உங்கள் பக்கம் அப்படி இல்லை என்றால் என்னிடம் மறைக்க வேண்டியதில்லை. அப்புறம், உங்களுக்கு வேலையில் மாற்றல் வருமா? எனக்கு வேறு ஊரில் வேலை தேடிக்கொள்வது பெரிய கஷ்டமில்லை, முன்கூட்டியே தெரிந்தால் போதும். உங்கள் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று அத்தை சொன்னார். இப்போது படி ஏற முடிகிறதா? இது பெண் பார்க்கிற விஷயத்துக்காகக் கேட்கவில்லை, ஆஸ்பத்திரிப் பழக்கம், கேட்காமல் இருக்க முடியவில்லை.

என்னிடம் கேட்க வேண்டியது எதுவானாலும் நேராகக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் தயங்குகிறேன் என்று சொல்வேன், மழுப்ப மாட்டேன்.

இது சரிவராது என்று தோன்றினாலும் என்னிடமே சொல்லிவிடுங்கள். "எனக்குத் தோணலை" என்று ஒரு வரி போதும், காரணம் கேட்க மாட்டேன். பெரியவர்கள் வழியாகச் சுற்றி வரும்போதுதான் அது ஒன்பது விதமாக மாறி, யாராவது மனசு நோகிறார்கள். எனக்குத் தோன்றவில்லை என்றாலும் நானும் அப்படியே சொல்வேன். வீட்டில் என் பங்குக்கு நானே பேசிக்கொள்வேன்.

நீங்கள் எழுதுவதை இங்கே யாருக்கும் படித்துக் காட்ட மாட்டேன். கேட்கத்தான் செய்வார்கள். அத்தை இன்றைக்கே இரண்டு தடவை கேட்டாயிற்று. "நல்லா பேசுறார்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். நீங்கள் பதிலே போடாவிட்டால் மட்டும் அதைச் சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

அவசரமில்லை. ஸ்கூலில் பரீட்சை நேரம் என்று கேள்விப்பட்டேன், பேப்பர் திருத்தி முடித்துவிட்டு எழுதுங்கள். மதியம் இரண்டரைக்கு மேல் நான் வீட்டில் இருப்பேன், ஞாயிற்றுக்கிழமை முழுக்க லீவு. இவ்வளவு நீளமாக எழுத வேண்டும் என்பதில்லை. சைக்கிள் நட்டுக்கு மட்டும் முதலில் பதில் வந்தாலும் சரி.

வித்யா