முதுகு அறுவை சிகிச்சைக்குப் பின் வேலைக்குத் திரும்பும் திட்டம்

அன்புள்ள செல்வம் அவர்களுக்கு,

டாக்டர் கொடுத்த சான்றிதழைப் பார்த்தேன். வரும் திங்கள் முதல் இரண்டு வாரம் தினமும் 4 மணி நேரம், அடுத்த இரண்டு வாரம் 6 மணி நேரம் வாருங்கள். அப்புறம் டாக்டர் சரி என்றால் முழு ஷிப்ட். சம்பளத்தில் பிடித்தம் இருக்காது.

அதுவரை பெட்டி தூக்குவதும் கீழ்த்தட்டில் குனிந்து அடுக்குவதும் வேண்டாம். 5 கிலோவுக்கு மேல் எதையும் தூக்காதீர்கள். பில் சரிபார்ப்பு, இருப்புப் பதிவு இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தே இருந்தாலும் முதுகு பிடித்துக்கொள்ளும் என்பதால் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

வலி கூடினாலோ கால் மரத்துப்போனாலோ அன்றைக்கே சொல்லுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்க்க வேண்டாம். திட்டத்தில் எதையாவது மாற்ற வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
கிடங்கு மேலாளர்