புதிய நைட்டி வரிசைக்குக் கேட்லாக்கும் சாம்பிளும் கேட்டு ஒரு கடிதம்

அனுப்புநர்:
செ. பேச்சியம்மாள்,
ஸ்ரீ செல்வி ஜவுளி,
மெயின் பஜார், முக்கூடல்,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்,
கொங்குமலர் ஆடையகம் (மொத்த விற்பனை),
ஈரோடு.

நாள்: 20.1.2026

பொருள்: தங்களின் ‘அன்றாடம்’ காட்டன் நைட்டி வரிசைக்குக் கேட்லாக், விலைப்பட்டியல், சாம்பிள் பீஸ்கள் கேட்பது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முக்கூடல் பஜாரில் சின்ன அளவில் ஜவுளிக் கடை நடத்தி வருகிறேன். சேலை, உள்பாவாடை, நைட்டி, துண்டு, சிறுபிள்ளைகள் உடுப்பு இவ்வளவுதான் கடையில் இருக்கும். இதில் வருஷம் முழுவதும் ஓடுவது நைட்டிதான். தென்காசியில் கடை வைத்திருக்கும் என் சித்தி மகள் பொங்கலுக்கு முன்னால் உங்கள் பண்டலைப் பிரித்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். ‘அன்றாடம்’ என்று லேபிள் போட்டிருந்த பீஸ்களைத் தொட்டுப் பார்த்தேன். துணி கெட்டியாக இருந்தது, கலரும் அடர்த்தி, இரண்டு பக்கமும் பை வைத்திருந்தீர்கள். எங்கள் ஊருக்கு இது சரிப்படும் என்று அப்போதே தோன்றியது. ஆனால் ஒரு பீஸைப் பார்த்துவிட்டுப் பண்டல் எடுக்க எனக்கு மனம் வராது. அதனால்தான் முதலில் கேட்லாக்கும் சாம்பிளும் கேட்டு எழுதுகிறேன்.

எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எந்த பீஸை அனுப்புவது என்று நீங்கள் முடிவு செய்ய அது உதவும். முக்கூடல், பாப்பாக்குடி, ஆலங்குளம் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறவர்கள். என் கடைக்கு வரும் அக்காமார், மதினிமாரில் பாதிக்கு மேல் அவர்கள்தான். காலையில் வீட்டு வேலையை முடித்துவிட்டுத் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும் அந்த நைட்டியில்தான் இருப்பார்கள். மேலே ஒரு துண்டு, அவ்வளவுதான். நனைத்த இலையின் ஈரமும் புகையிலைத் தூளும் மடியில் விழுந்துகொண்டே இருக்கும். வெளிர் மஞ்சள், ரோஸ், வெள்ளைத் தரையில் பூப்போட்டது எல்லாம் ஒரு வாரத்திலேயே பழுப்படித்துப் போகும். ஆகவே மெரூன், கருநீலம், பாட்டில் பச்சை, காப்பிக் கலர், கத்திரிப்பூக் கலர், இந்த மாதிரித் தரையில் சின்னப் பிரிண்ட் போட்டதுதான் எங்களுக்கு வேண்டும். பெரிய பெரிய பூ கேட்லாக்கில் எடுப்பாகத் தெரியும், எங்கள் கடையில் தங்கிவிடும்.

அப்புறம் கீழ்ச்சுற்று. நின்றுகொண்டு அளவு பார்க்கிறவர்களுக்கு இது கண்ணில் படாது. நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்காருகிறவர்களுக்குக் கீழே அகலம் போதாவிட்டால் பக்கத் தையல் மேல்தான் இழுவை எல்லாம் விழும். நெஞ்சளவுக்கு எக்ஸ்.எல். பொருத்தமாக இருந்தும் முழங்காலுக்கு மேலே தையல் விட்டுப்போய்த் திரும்பி வந்த பீஸ்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பையும் அப்படித்தான். ரொம்பக் கீழே இறக்கி வைத்தால் உட்கார்ந்தவுடன் போன் நழுவித் தரையில் விழுகிறது. தென்காசியில் பார்த்த பீஸில் பை கொஞ்சம் மேலே தூக்கித் தைத்திருந்தது. எல்லா டிசைனிலும் அப்படித்தானா, அந்த ஒன்றில் மட்டுமா என்று தெரிவியுங்கள்.

சாயத்தைப் பற்றியும் எழுத வேண்டும். ஊரைத் தாண்டி உள்ளே போனால் போர் தண்ணீர்தான். பல இடங்களில் உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்காது. பெண்கள் கல்லில் அடித்துத் துவைப்பார்கள், அல்லது பிரஷ் போட்டுத் தேய்ப்பார்கள். துணியின் மேலாகப் படிந்திருக்கும் பிக்மென்ட் பிரிண்ட் இந்தத் தேய்ப்புக்குத் தாங்காமல் திட்டுத் திட்டாக வெளுத்துவிடுகிறது. நூலோடு சேர்ந்து பிடிக்கும் ரியாக்டிவ் சாயம் என்றால் தாக்குப்பிடிக்கும். உங்கள் வரிசையில் எந்தெந்த டிசைன் ரியாக்டிவ், எது பிக்மென்ட் என்று கேட்லாக்கிலேயே குறித்துக் கொடுத்தால் பெரிய உதவி. விலை பத்து இருபது கூடினாலும் பரவாயில்லை. “போன தடவை எடுத்தது இன்னும் அப்படியே இருக்கு” என்று சொல்லிக்கொண்டு வருகிறவரிடம் அந்தப் பத்து ரூபாயை என்னால் வாங்கிவிட முடியும்.

போன வருஷம் வேறு ஊர் மொத்த வியாபாரி ஒருவர் போனில் படம் அனுப்பினார். படத்தில் அருமையாக இருந்தது. வந்து இறங்கிய சரக்கில் துணியும் வேறு, கலரும் வேறு. முதல் அலசலிலேயே மெரூன் சாயம் இறங்கி ஒரு அக்கா வீட்டில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் ரோஸ் கலராகிவிட்டது. நான் பீஸைத் திருப்பி வாங்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். அந்த வியாபாரி திருப்பி எடுக்கவில்லை. எங்களைப் போன்ற சின்னக் கடைக்கு வாடிக்கை என்பது அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள்தான். கோயிலிலும் பஸ் ஸ்டாண்டிலும் அவர்கள் முகத்தில்தான் முழிக்க வேண்டும். உங்களைச் சந்தேகப்பட்டு இதை எழுதவில்லை. சாம்பிளை நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று உங்களுக்குப் புரிய வேண்டும் என்றுதான்.

ஆகவே சாம்பிளாக எனக்கு வேண்டியது இதுதான். இந்த வரிசையில் நீங்கள் எத்தனை ரகத் துணி போடுகிறீர்களோ அதில் ரகத்துக்கு ஒரு பீஸ், எல்லாம் அடர் கலரில். சைஸ் எக்ஸ்.எல். இரண்டு, டபுள் எக்ஸ்.எல். ஒன்று, மீதியைத் த்ரீ எக்ஸ்.எல். இருந்தால் அதில் அனுப்புங்கள். பிள்ளை பெற்றவர்களுக்கான முன்பக்க ஜிப் மாடல் ஒன்றும் சேர்த்து வையுங்கள். ஜிப் நைலானாக இருக்கட்டும், இரும்பு ஜிப் எங்கள் தண்ணீருக்குத் துருப்பிடித்துத் துணியில் கறை விடும். மற்ற கலர்களுக்கு முழு பீஸ் தேவையில்லை, துண்டு ஒட்டிய ஷேடு கார்டு போதும். ஒரு வேண்டுகோள்: சாம்பிளுக்கென்று தனியாகத் தைத்ததை அனுப்ப வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் லாட்டிலிருந்து எடுத்து அனுப்புங்கள். கையில் பார்ப்பதும் பண்டலில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வந்தவுடன் ஒரு பீஸை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் பார்ப்பேன். துவைப்பதற்கு முன்னும் பின்னும் டேப் வைத்து நீளம் அளப்பேன். 56 இஞ்சு என்று சொல்லும் காட்டன் நைட்டி சுருங்கிக் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டால் உயரமானவர்கள் அடுத்த தடவை வரமாட்டார்கள். மற்ற பீஸ்களைப் பீடி சுற்றும் இரண்டு மூன்று பேரிடம் கொடுத்துக் கட்டிப் பார்க்கச் சொல்வேன். அவர்கள் சொல்வதுதான் எனக்கு முடிவு. என்ன சொன்னார்கள் என்பதை உங்களுக்கும் அப்படியே எழுதுகிறேன், நல்லதோ குறையோ.

சாம்பிளுக்கு இலவசம் கேட்கவில்லை. மொத்த விலையைப் போட்டு, பார்சல் கூலியும் சேர்த்துச் சொல்லுங்கள், உடனே ஜிபேயில் அனுப்பிவிடுகிறேன். முதல் பில்லில் அதைக் கழித்துக் கொடுத்தால் சந்தோஷம்.

கேட்லாக் அச்சடித்ததாக இருந்தால் இரண்டு பிரதி வேண்டும். கல்லா மேஜையில் ஒன்று கிடந்தால் வருகிறவர்கள் புரட்டிப் பார்த்து “இது வருமா” என்று கேட்பார்கள், எதை எடுப்பது என்று எனக்கும் தெரியும். ஆனால் மொத்த விலையைக் கேட்லாக்கில் போட வேண்டாம், தனித் தாளில் கொடுங்கள். அந்த விலை ஜி.எஸ்.டி. 5 சதவீதம் சேர்த்ததா, சேர்க்காததா என்பதும் அதில் இருக்கட்டும். ஒவ்வொரு சைஸுக்கும் நெஞ்சளவு, நீளம், கை நீளம், கீழ்ச்சுற்று நான்கையும் இஞ்சில் கொடுங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் எக்ஸ்.எல். ஒவ்வொரு அளவாக இருக்கிறது. எங்களிடம் 280 முதல் 380 ரூபாய்க்குள் விற்கிற பீஸ்தான் அதிகம் போகும். பீடிக் கடையில் வாரச் சம்பளம் வாங்கிய கையோடு வருகிறவர்கள் அவர்கள். லேபிளில் எம்.ஆர்.பி. 899 என்று அடித்து 350க்குக் கொடுக்கிற பழக்கம் எங்கள் கடையில் இல்லை, கேட்கிறவர்களுக்கு நம்பிக்கையும் போய்விடும். விற்கும் விலைக்கு ஒட்டிய எம்.ஆர்.பி. அடித்துத் தர முடியுமா?

இன்னும் சில விவரங்கள் தெரிய வேண்டும். குறைந்தது எத்தனை பீஸ் எடுக்க வேண்டும், செட்டாகத்தான் எடுக்க வேண்டுமா, சைஸும் கலரும் கலந்து தருவீர்களா? எங்களுக்கு டபுள் எக்ஸ்.எல். தான் அதிகம் ஓடும், செட்டில் எல் சைஸ் வந்தால் கடையில் தேங்கும். ஒரு டிசைன் நன்றாக ஓடினால் அதே டிசைன் மறுபடி கிடைக்குமா? தையல் விட்டது, ஓட்டை விழுந்தது இருந்தால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவீர்கள்? முதல் பில்லுக்கு ரொக்கம் கட்டிவிடுகிறேன். அதன் பிறகு 30 நாள் தவணை தருவீர்கள் என்றால் எனக்குத் தோதாக இருக்கும். ரொக்கத்துக்குத் தள்ளுபடி உண்டானால் அதையும் சொல்லுங்கள், இரண்டையும் கணக்குப் பார்த்துக்கொள்கிறேன்.

காலம் பற்றி ஒன்று. மாசி, பங்குனியில் பிசான அறுவடைப் பணம் கைக்கு வரும். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போக வெளியூரில் இருப்பவர்கள் எல்லாம் ஊருக்கு வருவார்கள். அதைத் தொடர்ந்து சித்திரை, வைகாசியில் அம்மன் கோயில் கொடைகள். கட்டிக்கொடுத்த பெண்பிள்ளைகள் பிறந்த வீட்டுக்கு வரும்போது தாய்மார் சேலையோடு இரண்டு நைட்டியும் சேர்த்து எடுத்துக் கொடுப்பது இங்கே வழக்கம். அதற்குச் சரக்கு மாசிக் கடைசிக்குள் கடையில் இறங்கிவிட வேண்டும். சாம்பிள் தை மாதத்துக்குள் கிடைத்தால்தான் துவைத்துப் பார்த்து, கட்டிப் பார்த்து, ஆர்டர் போட நாள் இருக்கும். சாம்பிள் பிடித்தால் முதல் தடவை 60 பீஸ் எடுக்க நினைத்திருக்கிறேன். கொடைக்கு ஓட்டத்தைப் பார்த்து மறுபடி எடுப்பேன்.

சாம்பிளைக் கூரியரில் கடை முகவரிக்கே அனுப்பலாம். பிறகு பண்டல் போடும்போது அம்பாசமுத்திரம் லாரி ஆபீஸுக்குப் போட்டால் போதும், நாங்கள் போய் எடுத்துக்கொள்வோம். கடையின் விசிட்டிங் கார்டை இத்துடன் வைத்திருக்கிறேன், ஜி.எஸ்.டி. எண்ணும் போன் நம்பரும் அதில் உள்ளன. மதியம் 2 முதல் 4 மணிக்குள் கூப்பிட்டால் நின்று பேச முடியும், காலையிலும் சாயங்காலமும் கடையில் கூட்டம் இருக்கும்.

சாம்பிளுக்கு எவ்வளவு அனுப்ப வேண்டும் என்ற விவரத்தை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செ. பேச்சியம்மாள்
ஸ்ரீ செல்வி ஜவுளி, முக்கூடல்

இணைப்பு: விசிட்டிங் கார்டு 1